கார் கடன்: மூணு வருஷமா, அஞ்சா, ஏழா? சேலத்தில் அடிக்கடி கேட்கும் கேள்விகளும் பதில்களும்

சேலம் அஸ்தம்பட்டியில் கணக்கு எழுதிக் கொடுக்கும் சின்ன அலுவலகம் வைத்திருக்கிறேன். வரிக் கணக்கு காட்ட வருகிறவர்கள் போகும்போது பையிலிருந்து ஒரு கொட்டேஷனை எடுத்து மேசையில் வைப்பார்கள். அதில் இஎம்ஐ தொகையைச் சுற்றி ஷோரூம்காரர் பேனாவால் வட்டம் போட்டிருப்பார். எத்தனை மாதம் என்பது ஓரத்தில் சின்னதாக இருக்கும். "இதுல எத்தனை வருஷம் போடலாம்?" என்று ஆரம்பித்து வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். அவற்றை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

எல்லாப் பதிலுக்கும் ஒரே கணக்கைத்தான் வைத்துக்கொண்டேன். ஆன்-ரோடு விலை 8 லட்சம், கையிலிருந்து 2 லட்சம், கடன் 6 லட்சம், வட்டி ஆண்டுக்கு 9.5 சதவீதம். உங்களுக்குச் சொல்லும் வட்டி கொஞ்சம் கூடவோ குறையவோ இருக்கலாம். கணக்கின் போக்கு மாறாது.

வட்டி சதவீதம் ஒண்ணுதானே, வருஷம் கூடினா மட்டும் ஏன் வட்டி அதிகமாகுது?

ஒவ்வொரு மாதமும் அன்றைக்கு மீதியிருக்கும் அசலுக்குத்தான் வட்டி போடுகிறார்கள். முதல் மாதம் மீதி முழு 6 லட்சம், அதனால் வட்டி 4,750 ரூபாய். நீங்கள் மூன்று வருடம் எடுத்தாலும் ஏழு வருடம் எடுத்தாலும் அந்த 4,750 மாறாது. இஎம்ஐயில் அது போக மிஞ்சுவதுதான் அசலில் கழியும்.

மூன்று வருடக் கடனில் முதல் தவணையிலேயே 14,470 ரூபாய் அசல் கழிகிறது. ஐந்து வருடத்தில் 7,850, ஏழு வருடத்தில் 5,056 மட்டும்தான். ஏழு வருடக்காரரின் அசல் மெதுவாகக் கரைவதால், அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் பெரிய தொகைக்கே வட்டி ஓடிக்கொண்டிருக்கும். கூடுதல் வட்டி வருவது இப்படித்தான். இதில் யாரும் ஏமாற்றவில்லை.

சரி, கையில கட்டுற கணக்கா சொல்லுங்க. மூணுக்கும் எவ்வளவு வித்தியாசம்?

மூன்று வருடம் என்றால் இஎம்ஐ 19,220 ரூபாய், மொத்த வட்டி சுமார் 92,000. ஐந்து வருடம் என்றால் இஎம்ஐ 12,600, வட்டி 1,56,000. ஏழு வருடம் என்றால் இஎம்ஐ 9,806, வட்டி 2,23,700.

இந்த எண்களை மேலிருந்து கீழே படித்துவிட்டுப் போகாமல், இரண்டு படிகளாகப் பிரித்துப் பாருங்கள். மூன்றிலிருந்து ஐந்துக்குப் போகும்போது கூடுதல் வட்டி 64,000. அதற்குப் பதிலாக மாதம் 6,600 ரூபாய் சுமை இறங்குகிறது. ஐந்திலிருந்து ஏழுக்குப் போகும்போது கூடுதல் வட்டி 67,700. ஆனால் மாதம் இறங்குவது 2,800 ரூபாய்தான். ஏறக்குறைய அதே விலையைக் கொடுத்து, பாதிக்கும் குறைவான நிம்மதியை வாங்குகிறோம்.

என்னிடம் வருகிறவர்களில் நிறையப் பேர் "மூணா, ஏழா" என்று இரண்டு முனைகளைத்தான் ஒப்பிடுகிறார்கள். நடுவில் இருக்கும் இந்த வளைவு கண்ணில் படுவதில்லை. முதல் இரண்டு வருட நீட்டிப்புக்கு மதிப்பு இருக்கிறது. அடுத்த இரண்டு வருடத்துக்கு வலுவான காரணம் ஏதாவது இருக்க வேண்டும்.

அப்ப வட்டி கம்மியா இருக்கற மூணு வருஷமே எல்லாருக்கும் நல்லதுதானே?

இல்லை. 19,220 ரூபாய் ஒவ்வொரு மாதமும் தவறாமல் போக வேண்டும். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு பட்டறை வைத்திருக்கும் ஒருவர் வட்டி மிச்சமாகும் என்று மூன்று வருடம் எடுத்தார். தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் சிரமமே இல்லை. ஆடியில் ஆர்டர் குறைந்தது, வெள்ளி விலையும் ஏறிப் பணமெல்லாம் சரக்கில் முடங்கியது. அடுத்தடுத்து இரண்டு தவணை பவுன்ஸ் ஆனது. வங்கியின் பவுன்ஸ் கட்டணம், கடன் கொடுத்தவரின் அபராதம் எல்லாம் சில ஆயிரங்களில் முடிந்தன. ஆனால் கிரெடிட் ரிப்போர்ட்டில் அந்தத் தாமதம் பதிந்துவிட்டது. மறுவருடம் பட்டறைக்கு ஓவர்டிராஃப்ட் கேட்டபோது மேனேஜர் முதலில் கேட்டதே அதைப் பற்றித்தான்.

மிச்சமாகும் வட்டியைப் பார்ப்பதற்கு முன்னால், உங்கள் வருமானத்தில் மிக மோசமான மாதத்தில் அந்தத் தவணை போகுமா என்று பாருங்கள். நல்ல மாதத்தை வைத்து இஎம்ஐ முடிவு செய்யக் கூடாது.

எனக்கு எவ்வளவு இஎம்ஐ தாங்கும்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? சம்பளத்துல இத்தனை பங்குன்னு ஏதாவது இருக்கா?

பங்குக் கணக்கை விட நம்பகமான ஒரு வழி இருக்கிறது. கார் எடுப்பதற்கு முன் மூன்று மாதம், சம்பளம் வந்த மறுநாளே இஎம்ஐ தொகையை வேறொரு சேமிப்புக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். அதோடு காரை ஓட்டுகிற செலவையும் சேர்த்து மாற்றுங்கள். அந்தக் கணக்கைத் தொடாமல் மூன்று மாதம் ஓடிவிட்டால் அந்த இஎம்ஐ உங்களுக்குத் தாங்கும். நடுவில் எடுக்க வேண்டி வந்தால் தாங்காது. எப்படி முடிந்தாலும் அந்தப் பணம் முன்பணத்தில் சேர்ந்துகொள்ளும்.

ஓட்டுகிற செலவு என்றால் பெட்ரோல் மட்டும் இல்லை. புதுக் காருக்கு மூன்றாம் நபர் காப்பீட்டை மூன்று வருடத்துக்கு முதலிலேயே வாங்கிவிடுகிறார்கள். வண்டிக்கான சொந்தச் சேதக் காப்பீட்டைப் பலர் ஒரு வருடத்துக்கே எடுக்கிறார்கள், அதை ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். அதற்கு மேல் சர்வீஸ், டயர். வாரம் ஒருமுறை ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்குகிற வண்டிக்கு பிரேக் பேட் எவ்வளவு சீக்கிரம் தேயும் என்று மலைக்காரர்களிடம் கேட்டால் சொல்வார்கள். இதையெல்லாம் வருடக் கணக்காகக் கூட்டி, பன்னிரண்டால் வகுத்து இஎம்ஐயோடு சேருங்கள்.

எங்களால மாசம் பத்தாயிரத்துக்கு மேல முடியாது. அப்ப ஏழு வருஷத்தை விட்டா வேற வழியே இல்லையா?

இருக்கிறது, கடனைக் குறைப்பதுதான் அந்த வழி. அதே 9,806 ரூபாயை ஐந்து வருடம் கட்டினால் எவ்வளவு கடன் கிடைக்கும் என்று பின்னாலிருந்து கணக்குப் போட்டால் சுமார் 4,67,000 வருகிறது. அதாவது 1,33,000 குறைவாக வாங்கினால், மாதத் தவணை அப்படியே இருக்க, இரண்டு வருடம் முன்னாலேயே கடன் முடிந்துவிடும். மொத்த வட்டியும் 2,23,700-லிருந்து 1,21,500-க்கு இறங்கும்.

ஒரே காரின் நடு வேரியன்ட்டுக்கும் மேல் வேரியன்ட்டுக்கும் பல நேரம் இவ்வளவுதான் வித்தியாசம். அம்மாபேட்டையிலிருந்து வந்த ஒரு தம்பதிக்கு இந்தக் கணக்கைக் காட்டினேன். அந்த அம்மா கேட்டார்: "அப்ப அந்த சன்ரூஃபுக்காகத்தான் நாங்க ஏழு வருஷம் கட்டணுமா?" அவர்கள் பார்த்திருந்த காரில் நிலைமை அதுவேதான். பழைய வண்டியை விற்றோ, இன்னும் ஆறு மாதம் பொறுத்தோ முன்பணத்தைக் கூட்டினாலும் இதே பலன்தான்.

ஷோரூமில் கடனோடு சேர்த்துவிடும் ஆக்சசரீஸ், கூடுதல் வாரண்டிக்கும் இது பொருந்தும். 40,000 ரூபாய் சாமானை ஏழு வருடக் கடனில் சேர்த்தால் அதற்கு மட்டும் 55,000 கட்டி முடிப்பீர்கள். தேவை என்றால் கையிலிருந்து கொடுத்து வாங்குங்கள்.

பேங்க்ல 9.5 சொல்றாங்க, இன்னொரு இடத்துல 6 சதவீதம்தான்னு சொல்றாங்க. அங்கயே அஞ்சு வருஷம் போட்டுடலாமா?

அந்த 6 சதவீதம் பிளாட் வட்டியா, குறையும் மீதிக்கான வட்டியா என்று முதலில் கேளுங்கள். பிளாட் என்றால் முதல் நாள் கடனுக்கே ஐந்து வருடமும் வட்டி போடுவார்கள். 6 லட்சத்துக்கு வருடம் 36,000, ஐந்து வருடத்துக்கு 1,80,000. இஎம்ஐ 13,000 வரும். 9.5 சதவீதக் கடனின் 12,600-ஐ விட அது 400 ரூபாய் அதிகம். அந்த 6 சதவீதத்தை வங்கி முறைக்கு மாற்றினால் ஏறக்குறைய 10.8 சதவீதம். பழைய கார் கடனில் பிளாட் கணக்கு இன்னும் சாதாரணமாகப் புழங்குகிறது.

2024 அக்டோபர் 1 முதல், தனிநபர்களுக்குக் கொடுக்கும் சில்லறைக் கடன்களுக்கு 'கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்' என்ற தாளைக் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. அதில் ஏபிஆர் என்று ஓர் எண் இருக்கும். வட்டியோடு ப்ராசசிங் கட்டணம் போன்றவற்றையும் சேர்த்த உண்மையான வருடச் செலவு அது. இரண்டு இடத்திலும் ஒரே கடன் தொகைக்கு, ஒரே கால அளவுக்கு அந்தத் தாளை வாங்கி, ஏபிஆரை ஒப்பிடுங்கள். ஒன்று ஐந்து வருடமும் மற்றொன்று ஏழு வருடமுமாக இருந்தால் ஒப்பீடு நிற்காது.

ஏழு வருஷம்னு போட்டுட்டு, பணம் வர்றப்போ முன்னாடியே கட்டி முடிச்சுட்டா ரெண்டும் கிடைச்ச மாதிரிதானே?

கடன் ஒப்பந்தம் விட்டால் கிடைக்கும். கார் கடன் பெரும்பாலும் நிலையான வட்டியில்தான் வருகிறது. அப்படிப்பட்ட கடனை முன்கூட்டியே முடித்தாலும், இடையில் ஒரு பகுதியைக் கட்டினாலும் கட்டணம் உண்டு என்று பல ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும். அதன் மேல் ஜிஎஸ்டியும் சேரும். மாறும் வட்டியில் தனிநபர் சொந்தத் தேவைக்கு வாங்கிய கடனாக இருந்தால் இந்தக் கட்டணம் வாங்க ரிசர்வ் வங்கி விடுவதில்லை. ஆகவே உங்கள் கடன் எந்த வகை என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

கட்டணம் ஒருபுறம் இருக்க, எப்போது, எவ்வளவு கட்டலாம் என்பதிலும் கட்டுப்பாடு இருக்கும். முதல் வருடத்தில் பகுதித் தொகை வாங்க மாட்டோம் என்பார்கள். மீதியில் கால் பங்குக்கு மேல் ஒரே நேரத்தில் கூடாது, முழுக் கடன் காலத்திலும் இரண்டு முறைதான் என்றுகூட சில இடங்களில் இருக்கிறது. கையெழுத்துப் போடும் முன் இந்த மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று, பகுதித் தொகை கட்டும்போது "இஎம்ஐயைக் குறைக்கவா, மாதங்களைக் குறைக்கவா?" என்று கேட்பார்கள், அல்லது கேட்காமலே இஎம்ஐயைக் குறைத்துவிடுவார்கள். வட்டி மிச்சமாக வேண்டும் என்றால் மாதங்களைக் குறைக்கச் சொல்லிக் கடிதம் கொடுங்கள். புதிய தவணை அட்டவணையை வாங்கிப் பார்த்து, கடைசித் தேதி முன்னால் வந்திருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள்.

நாங்க ஏற்காட்டுல காபி, மிளகு வச்சிருக்கோம். பணம் வருஷத்துக்கு ஒருதரம்தான் வருது. எங்களுக்கு எது சரி?

ஏழு வருடத்துக்கு வலுவான காரணம் வேண்டும் என்று மேலே சொன்னேனே, அந்தக் காரணம் உங்களுக்கு இருக்கிறது. சேர்வராயன் மலையில் காபிப் பழம் பறிப்பு நவம்பரில் தொடங்கி ஜனவரி, பிப்ரவரி வரை போகும். மிளகு அதையொட்டி வரும். எல்லாம் காய்ந்து, விற்று, பணம் கைக்கு வர மார்ச் ஆகிவிடும். மழைக்கால மாதங்களில் 12,600 கட்டுவது உங்களுக்குப் பாரம், மார்ச்சில் 50,000 கட்டுவது பாரமில்லை.

ஒரு தோட்டக்காரருக்குப் போட்ட கணக்கைச் சொல்கிறேன். அதே 6 லட்சம், ஏழு வருடம், மாதம் 9,806. ஒவ்வொரு மார்ச்சிலும் 50,000 கூடுதலாக அசலில் கட்டுவது. முதல் வருட முடிவில் மீதி 5,36,600. 50,000 கட்டியதும் 4,86,600. இரண்டாம் மார்ச்சில் கட்டியபின் 3,62,000, மூன்றாம் மார்ச்சில் 2,25,000, நான்காம் மார்ச்சில் 74,300. அதற்குப் பிறகு எட்டே தவணை. 84 மாதக் கடன் 56 மாதத்தில் முடிகிறது. மொத்த வட்டி சுமார் 1,47,700, ஐந்து வருடக் கடனின் 1,56,000-ஐ விடவும் குறைவு.

ஆனால் இது பகுதிக் கட்டணம் இல்லாத கடனுக்கான கணக்கு. ஒவ்வொரு முறையும் 5 சதவீதமும் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் பிடித்தால் தடவைக்கு 2,950, நான்கு தடவைக்கு 11,800 போய்விடும். அப்போது மொத்தச் செலவு 1,59,500 ஆகி, ஐந்து வருடக் கடனின் வட்டியைக் கொஞ்சம் தாண்டிவிடும். இரண்டு முறைதான் கட்டலாம் என்ற கட்டுப்பாடு இருந்தால் கணக்கு இன்னும் கெடும். அதனால் உங்களைப் போன்றவர்கள் வட்டியில் கால் சதவீதம் கூடினாலும் பகுதிக் கட்டணம் இல்லாத இடத்தைத் தேடுவது நல்லது. விளைச்சல் விழுந்த வருடத்தில் அந்த 50,000 கட்ட முடியாவிட்டால் யாரும் கேட்கப் போவதில்லை. மாதம் 9,806 போனால் போதும். அந்தச் சுதந்திரத்துக்காகத்தான் நீண்ட காலத்தை எடுக்கிறீர்கள்.

ஏழு வருஷம் போட்டு, மிச்சமாகற 2,800-ஐ ஆர்டி போட்டா லாபம்தானே?

போட்டுப் பார்ப்போம். மாதம் 2,795 ரூபாயை 6.5 சதவீத ஆர்டியில் ஐந்து வருடம் போட்டால் முடிவில் சுமார் 1,98,000 வரும். அன்றைக்கு ஏழு வருடக் கடனில் மீதி 2,13,600 இருக்கும். ஆர்டியை உடைத்து அப்படியே கட்டினாலும் 15,000 குறைகிறது. ஆர்டி வட்டிக்கு வரி வந்தால் இன்னும் குறையும். 9.5-க்கு வாங்கி 6.5-க்குக் கொடுத்தால் வேறெப்படி வரும்? பங்குச் சந்தையில் போட்டால் கூடவும் வரலாம், குறையவும் செய்யலாம். கார் தவணையை அதன் மேல் வைக்க நான் சொல்ல மாட்டேன்.

கையில் ஆறு மாதச் செலவுக்குக்கூடச் சேமிப்பு இல்லாதவர் விஷயம் வேறு. அவர் அந்த 2,800-ஐச் சேர்த்து வைப்பது லாபத்துக்காக இல்லை, அவசரத்துக்காக. அதற்காக நீட்டினால் நான் தடுக்க மாட்டேன்.

மூணு வருஷம் எடுத்துட்டு, நடுவுல கஷ்டம்னா அஞ்சா மாத்திக்கலாமா?

எளிதில் முடியாது. நீண்ட கடனைச் சுருக்க மேலே சொன்ன வழி இருக்கிறது. குறுகிய கடனை நீட்ட வேண்டும் என்றால் மறுசீரமைப்பு கேட்க வேண்டும், அது கிரெடிட் ரிப்போர்ட்டில் தெரியும். அல்லது வேறு இடத்துக்குக் கடனை மாற்ற வேண்டும், அதற்குத் திரும்பவும் கட்டணங்கள். வருமானத்தில் சந்தேகம் இருப்பவர்களை நான்கு அல்லது ஐந்து வருடத்துக்கு நகரச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

நடுவுல வண்டியை வித்தாலோ, பெரிய ஆக்சிடென்ட் ஆனாலோ கடன் என்னாகும்?

கடன் முடியும்வரை ஆர்சியில் கடன் கொடுத்தவரின் பெயர் அடமானமாக இருக்கும். விற்க வேண்டும் என்றால் மீதியைக் கட்டி, என்ஓசியும் படிவம் 35-உம் வாங்கி, ஆர்டிஓவில் அந்தப் பதிவை நீக்க வேண்டும். முழுச் சேதம் ஆனால் காப்பீட்டுப் பணமும் முதலில் கடனுக்குத்தான் போகும்.

கால அளவு கடிப்பது இங்கேதான். நம் காரின் ஷோரூம் விலை 6,80,000 என்று வைப்போம். மூன்று வருடம் தாண்டிய வண்டிக்கு வழக்கமான கணக்கில் 40 சதவீதம் தேய்மானம் போக, காப்பீட்டு மதிப்பு 4,08,000. அப்போது ஐந்து வருடக் கடனில் மீதி 2,74,000, உங்கள் கைக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வரும். ஏழு வருடக் கடனில் மீதி 3,90,000, மிஞ்சுவது 18,000தான். முன்பணமே இல்லாமல் ஆன்-ரோடு 8 லட்சத்தையும் ஏழு வருடத்துக்கு எடுத்தவருக்கு மீதி 5,20,000 இருக்கும். வண்டியும் போய், 1,12,000 கையிலிருந்து கட்ட வேண்டும். முன்பணம் குறைவாகவும் காலம் நீளமாகவும் சேர்ந்து வரும் கடனுக்கு நான் ஒருபோதும் சரி சொல்வதில்லை.

ரெண்டு வருஷத்துல வீட்டுக் கடன் வாங்கற எண்ணம் இருக்கு. அதுக்கு கார் கடனை எத்தனை வருஷம் போடணும்?

இந்தக் கேள்வியில்தான் நானே வட்டிக் கணக்கைக் கொஞ்சம் ஒதுக்கி வைப்பேன். வீட்டுக் கடன் தகுதி பார்க்கும்போது வங்கி உங்கள் சம்பளத்திலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் இஎம்ஐகளைக் கழித்துத்தான் கணக்கிடும். 8.5 சதவீதத்தில் இருபது வருட வீட்டுக் கடனுக்கு லட்சத்துக்கு இஎம்ஐ 868 ரூபாய். கார் தவணை 2,795 குறைந்தால் வீட்டுக் கடன் தகுதி சுமார் 3,20,000 கூடும். ஓமலூர் ரோட்டில் மனை பார்த்து வைத்திருந்த ஓர் ஆசிரியருக்கு அந்த மூன்று லட்சம்தான் குறுக்கே நின்றது. அவரை ஏழு வருடம் எடுக்கச் சொன்னேன். வீட்டுக் கடன் கைக்கு வந்தபிறகு கார் கடனில் பகுதித் தொகை கட்ட ஆரம்பித்தார்.

உங்களுக்குத் தகுதி போதுமானதாக இருந்தால் இந்தச் சலுகை தேவையில்லை, ஐந்தே போதும். அது தெரிய, சம்பளச் சீட்டையும் இப்போது ஓடும் தவணைகளின் பட்டியலையும் எடுத்துக்கொண்டு, கார் புக் பண்ணுவதற்கு முன்னால் வீட்டுக் கடன் கேட்கப்போகும் கிளையிலேயே ஒருமுறை தகுதியைக் கணக்கிட்டுத் தரச் சொல்லுங்கள்.